திரும்பி வரும் சுவர்: இசைக் காணொளியில் சரணம், பல்லவி, பிரிட்ஜ் ஆகியவற்றுக்கான காட்சித் திட்டம்

படப்பிடிப்புக்கு முன் இயக்குநர் பாடகரிடமும் தயாரிப்பாளரிடமும் கொடுக்கும் சில பக்க எழுத்தை ட்ரீட்மென்ட் என்கிறார்கள். இசைக் காணொளிகளுக்கு எழுதப்படும் ட்ரீட்மென்ட்டுகளில் ஒரு வாய்பாடு அடிக்கடி தென்படுகிறது: சரணத்துக்குக் கதை, பல்லவிக்குப் பாடகரும் குழுவும், பிரிட்ஜுக்கு மழை அல்லது கடற்கரை. பாட்டின் பகுதிகளைப் பிரித்துப் பார்த்திருப்பதால் இது முறையானது போலத் தோன்றும். உண்மையில் இது பகுதிகளுக்குப் பெயர் வைப்பதோடு நின்றுவிடுகிறது. ஒரு பகுதியில் என்ன பாடப்படுகிறது என்பது இரண்டாவது கேள்விதான். அந்தப் பகுதி எத்தனை முறை வருகிறது, வரும்போது எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சரணத்தில் மெட்டு திரும்பும், சொல் மாறும். பல்லவியில் இரண்டுமே திரும்பும். பிரிட்ஜில் மெட்டும் சொல்லும் ஒரே ஒரு முறை வந்து போகும். காட்சிப் படிமங்களை இந்த மூன்று வகைத் திரும்புதலோடு பொருத்த வேண்டும், வரிகளின் பொருளோடு அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காணொளிக்கும் பாட்டுக்கும் உள்ள உறவை ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளிவந்த தம் நூலில் மூன்றாக வகுத்தார்: காட்சி பாட்டை விளக்கலாம், பெருக்கலாம், அல்லது அதிலிருந்து விலகி நிற்கலாம். பயனுள்ள வகுப்புதான். ஆனால் ஒரே பல்லவி மூன்றாம் முறை வரும்போது எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. முதல் முறை வரியை விளக்கிய படம் மூன்றாம் முறையும் அதையே விளக்கினால், பார்ப்பவருக்குப் புதிதாக எதுவும் வந்து சேர்வதில்லை. கேரல் வெர்னாலிஸ் 2004இல் எழுதியது இன்னும் அருகில் வருகிறது. இசைக் காணொளி முழுக்கதை சொல்வதைப் பெரும்பாலும் தவிர்ப்பதற்கு, சுற்றிச் சுற்றி வரும் பாட்டின் வடிவமும் ஒரு காரணம் என்று அவர் காட்டுகிறார். கதை முன்னோக்கி ஓடுகிறது, பாட்டோ திரும்பி வருகிறது. சரணத்துக்குக் கதை என்ற வாய்பாடு தடுமாறும் இடம் இதுவே. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் பல்லவி வந்து அதை நிறுத்திவிடுகிறது, பார்ப்பவர் பல்லவி முடியும்வரை காத்திருக்கத் தொடங்குகிறார். பாட்டின் உச்சமான இடம் இப்படிக் காத்திருப்பு அறையாகிவிட்டால் அந்த ட்ரீட்மென்ட் தோற்றுவிட்டது.

தமிழ்த் திரைப்பாடல் இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. பல்லவியில் தொடங்கும் நம் பாட்டில், சரணம் முடிந்து பல்லவி மீளும்போது பல நேரங்களில் முதல் வரி மட்டுமே வரும். ஐந்தோ பத்தோ விநாடிகளில் அது முடிந்துவிடும். அதனால் உடையும் ஊரும் மாறும் பொறுப்பை இடையிசை ஏற்றுக்கொண்டது. பல்லவியின் மீட்சிக்கென்று தனிப் படிமம் தேடும் தேவை அங்கே அதிகம் எழவில்லை. சரணத்தில் தொடங்கி, முழுப் பல்லவியும் மூன்று முறை ஒலித்து, நடுவே பிரிட்ஜும் கொண்ட தனியிசைப் பாடல்களுக்கு இந்த வழி போதாது. அங்கே பல்லவி ஒவ்வொரு முறையும் இருபது விநாடியோ அதற்கு மேலோ இடம் கேட்கிறது.

வாதத்தைச் சோதிக்க, இக்கட்டுரைக்காகவே அமைத்த ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குடும்பத்தில் வளர்ந்த மகள் பாடுகிறாள். முதல் சரணம் முதல் வீட்டைப் பற்றியது, இரண்டாவது சரணம் அடுத்தடுத்த வீடுகளைப் பற்றியது. பல்லவி, இது நம் வீடு என்ற ஒரே நினைப்பைச் சுற்றி வருகிறது. பிரிட்ஜில் அவள் தன்னைப் பற்றிப் பாடுவதை நிறுத்திவிட்டு, தாங்கள் காலி செய்த அறைகளை நினைத்துப் பார்க்கிறாள். வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு, நான்கு தட்டு ஒரு பார். ஆகவே ஒரு பார் இரண்டரை விநாடி. முன்னிசை 4 பார், சரணம் 16, பல்லவி 8, மறுபடி சரணம் 16, பல்லவி 8, பிரிட்ஜ் 8, கடைசிப் பல்லவி இரட்டித்து 16, முடிவு 4. மொத்தம் 80 பார், 3 நிமிடம் 20 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 பிரேம் விழும். வெட்டுகளைத் தட்டின் மேல் வைக்க இந்தக் கணக்கு எடிட்டருக்கு உதவும். 25 பிரேமில் எடுத்தால் தட்டுக்கு 15.625 ஆகிவிடும், வெட்டுகளின் இடம் அங்கங்கே ஒரு பிரேம் முன்பின்னாகும்.

பல்லவியின் படிமம் ஒரு சுவர். கேமரா சுவருக்கு நேர் எதிரே அசையாமல் நிற்கிறது. ஒரு கை ஆணி அடிக்கிறது, கடைக்காரர் இனாமாகக் கொடுத்த தினசரி காலண்டரை மாட்டுகிறது, கீழே மகள் நின்று பாடுகிறாள். மூன்று பல்லவியிலும் அதே லென்ஸ், அதே உயரம், அதே தூரம். சுவரின் நிறம் மாறும், காலண்டரில் ஆண்டு மாறும், பெண்ணின் வயது மாறும். சட்டகம் மாறாததால்தான் இந்த மாற்றங்கள் கண்ணில் படுகின்றன. சொல்லும் மெட்டும் அப்படியே திரும்பும்போது படமும் ஒரு பங்கு அப்படியே திரும்ப வேண்டும், மறு பங்கு நகர்ந்திருக்க வேண்டும். சுத்தியல் அடி ஒவ்வொரு பாரிலும் முதல் தட்டில் மட்டும் விழட்டும். எல்லாத் தட்டிலும் விழுந்தால் சுத்தியல் தாளவாத்தியமாகிவிடும், வீடு மறந்துபோகும். சரணங்களின் படிமம் இதற்கு நேர்மாறானது: குட்டி யானையில் ஏற்றப்படும் சாமான்கள். கேமரா கையில், எப்போதும் நகர்ந்தபடி. மெட்டு திரும்புவதால் செயல் அதேதான், ஏற்றுவதும் இறக்குவதும். சொல் மாறுவதால் பொருள்கள் மாறுகின்றன. முதல் சரணத்தில் வண்டி நிறையச் சாமான். இரண்டாவதில் தையல் மெஷினைக் காணோம், தொட்டில் கம்பைக் காணோம். எதைக் காணோம் என்று பாட்டு சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்ஜில் தாளம் நிற்கிறது. அதுவரை சுவரைப் பார்த்த கேமரா, சுவர் இருக்கும் இடத்திலிருந்து அறையைப் பார்க்கிறது. அறை காலி. பெயிண்டர் ஒருவர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டைக்குப் பட்டி பார்த்து, வெள்ளை அடிக்கிறார். தூரிகை கேமராவுக்கு முன் வைத்த கண்ணாடித் தகட்டின் மேல் ஓடினால் படம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகும். இது ஒருமுறை மட்டுமே வரும் படிமம். ஆனால் திடீரென்று வானத்திலிருந்து விழக்கூடாது. இரண்டாம் சரணத்தில், சாமான் இறங்கும்போது படிக்கட்டு ஓரம் அந்தப் பெயிண்டர் வாளியோடு காத்திருப்பது ஒரு பார் அளவுக்குத் தெரிந்தால் போதும். காலி அறையில் பெண் பாடும்போது உடலசைவு மட்டும் மெதுவாக இருக்க வேண்டுமானால், விநாடிக்கு 36 பிரேமில் எடுத்து, தளத்தில் பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில், அதாவது 144 தட்டில் ஒலிக்கவிட வேண்டும். 24இல் ஓட்டும்போது உதடு பாட்டோடு சேரும், கூந்தலும் துணியும் மெதுவாக அசையும். வேகப்படுத்திய ஒலித்தடத்தை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டியிருப்பதால், இதை ட்ரீட்மென்ட்டிலேயே எழுதிவிடுவது நல்லது. கடைசிப் பல்லவியின் முதல் 8 பாரில் மகள் தன் கையால் ஆணி அடிக்கிறாள். அடுத்த 8 பாரில் அதே சட்டகத்தில், அதே ஆணியில், முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம் தன் காலண்டரை மாட்டுகிறது. சொல் ஒன்றுகூட மாறாமலே நம் வீடு என்பதில் உள்ள ‘நம்’ யார் என்பது மாறிவிடுகிறது. பிரிட்ஜ் இல்லாமல் இந்தக் காட்சி வந்தால் அது வெறும் திருப்பமாக நின்றிருக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பகுதிப் பிரிவையே கண்டுகொள்ளாத சிறந்த காணொளிகள் இருக்கின்றனவே என்பது. 1990இல் ஜான் மேபரி இயக்கி ஷினேட் ஓ’கானர் பாடிய ‘நத்திங் கம்பேர்ஸ் டு யூ’ காணொளியில், நடுநடுவே பாரிஸ் பூங்காவில் நடக்கும் காட்சிகள் வந்தாலும், சரணமானாலும் பல்லவியானாலும் பெரும்பகுதி நாம் பார்ப்பது ஒரே முகத்தின் அண்மைக் காட்சிதான். ஆனால் பாட்டின் பிற்பகுதியில், தாயைக் குறிக்கும் வரி வரும் இடத்தில், அந்த முகத்தில் கண்ணீர் வழிகிறது. அது ஒருமுறை மட்டும் நிகழ்வது. அதுவரை சட்டகம் மாறாமல் இருந்ததே அந்த நிகழ்வுக்கான தயாரிப்பு. ஆக, அந்தக் காணொளி திரும்புதலைக் கைவிடவில்லை, அதன் எல்லைவரை கொண்டுபோயிருக்கிறது. மிஷெல் கோந்த்ரியின் ‘ஸ்டார் கிட்டார்’ (2002) மறுபக்கத்து எடுத்துக்காட்டு. ரயில் ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் கம்பமும் கட்டடமும் ஒவ்வோர் ஒலியோடும் துல்லியமாகப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தத்தை எல்லாப் பாட்டுக்கும் விதியாக்க முடியாது. கதை சொல்லும் சரணங்கள் இல்லாத நடன இசை அது. வரி சொல்லும் பாட்டில் அதைச் செய்தால் கண் தட்டுகளை எண்ணத் தொடங்கும், காது வரியை விட்டுவிடும்.

இரண்டாவது மறுப்பு தொழில் தெரிந்தவர்களிடமிருந்து வரும்: இறுதி வடிவம் எடிட்டிங் மேசையில்தான் தீர்மானமாகிறது, முன்கூட்டிப் பொருத்துவது காகிதப் புலமை. பாதி சரி. வெட்டின் இடத்தை எடிட்டர் மாற்றலாம். ஆனால் முதல் பல்லவிக்குக் கேமரா எந்த உயரத்தில், எந்தத் தூரத்தில் இருந்தது என்று குறித்துவைக்காமல் மூன்றாவதை எடுத்துவிட்டால், சுவர் திரும்பி வந்ததென்ற உணர்வை எந்த எடிட்டராலும் உண்டாக்க முடியாது. வழக்கமாக நேரும் பிழையும் மேசையில்தான் நேர்கிறது. சரணத்தில் ஓர் இடம் தொய்வாகத் தெரிந்ததும், அழகாக இருக்கிறதே என்று சுவர்க் காட்சியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே செருகுவார்கள். அந்த நிமிடமே பல்லவி தன் படிமத்தை இழக்கிறது. சுவர் பல்லவிக்கு மட்டும் என்று ட்ரீட்மென்ட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் மறுத்துப் பேச ஆதாரம் இருக்கும்.

எழுதிய ட்ரீட்மென்ட் தேறுமா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே பார்க்கலாம். கோட்டோவியங்களைப் பாட்டின் நீளத்துக்கு அடுக்கி, ஒலியில்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல்லவி எங்கே தொடங்குகிறதென்று பாட்டைக் கேட்டிராதவருக்கும் தெரிய வேண்டும். பிறகு முதல் பல்லவியின் படங்களையும் கடைசிப் பல்லவியின் படங்களையும் இடம் மாற்றி, இப்போது ஒலியோடு ஓட்ட வேண்டும். எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால் படிமம் திரும்புகிறதே தவிர வளரவில்லை. நம் எடுத்துக்காட்டில் மாற்றினால் முதல் பல்லவியிலேயே வேற்றுக் குடும்பம் வந்துவிடும், பாட்டு பொருளற்றுப்போகும்.

செலவைப் பொறுத்தவரை மூன்று வீடு தேவையில்லை. ஒரே சுவரை மூன்று நிறத்தில் அடித்து எடுக்கலாம். ஆனால் பாட்டின் வரிசையிலேயே எடுக்க வேண்டும், ஏனெனில் முந்தைய ஆணிகளின் பட்டித் தழும்பு அடுத்த நிறத்துக்கு அடியில் புடைத்துத் தெரிய வேண்டும். பெயிண்ட் உலரும் இடைவெளிகளில் குட்டி யானைக் காட்சிகளை எடுத்து முடிக்கலாம். பல்லவியே இல்லாத, ஒரே நீரோட்டமாக ஓடும் பாட்டுக்கு இந்த முறை பொருந்தாது. அங்கே திரும்பி வருவது ஒரு வாத்தியத் துணுக்காக மட்டும் இருந்தால், படிமத்தை அந்தத் துணுக்கில்தான் கட்ட வேண்டியிருக்கும்.