வரிசை மாறினால் விடை மாறும்: கோஷி முதல் ராமானுஜனின் சென்னை அறிக்கைகள் வரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுமுன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர் ராஸ், ராமானுஜனின் திறமையை நேரில் அறிந்தவர்களுள் ஒருவர்.

அறிக்கைகளின் பொருள் வரையறுத்த தொகையீடுகள். அவற்றில் ஃப்ருலானி என்ற இத்தாலியரின் வாய்பாட்டை ராமானுஜன் விரிவாக்கியிருந்தார். அதன் எளிய வடிவம் இது:

∫₀^∞ (e^(−ax) − e^(−bx))/x dx = ln(b/a)

இதை நிறுவும் வழக்கமான வழியே வரிசை மாற்றம்தான். தொகைச்சார்பை e^(−xy) என்பதன் y-தொகையீடாக எழுதி, x-ஐ முதலில் முடித்துவிட்டால் 1/y மிஞ்சும்; அதை a முதல் b வரை தொகுத்தால் விடை. e^(−xy) எங்கும் மிகை என்பதால் இந்த இடத்தில் தவறு நேர வழியில்லை.

வரிசையை மாற்றினால் ஆபத்து உண்டு என்பது அதற்கு நூறாண்டு முன்பே தெரிந்த செய்தி. 1814இல் பாரிஸில் கோஷி படித்த ஆய்வுரை, தொகைச்சார்பு ஒரு புள்ளியில் நிலையற்றுப் போனால் இரு வரிசைகளும் வெவ்வேறு மதிப்புத் தரலாம் என்று காட்டியது. அது அச்சேற 1827 ஆயிற்று. பாடநூல்கள் இதற்குத் தரும் உதாரணம் (x² − y²)/(x² + y²)². அலகுச் சதுரத்தில் y-ஐ முதலில் தொகுத்தால் 1/(1 + x²) வரும், முடிவில் π/4. x-ஐ முதலில் தொகுத்தால் −π/4. கோளாறு முழுவதும் ஆதிப்புள்ளியில் இருக்கிறது.

ஃப்ருலானியின் குடும்பத்திலேயே இன்னும் சுவையான உதாரணம் உண்டு. f = e^(−xy) − 2e^(−2xy) என்க; x 1 முதல் முடிவிலி வரை, y 0 முதல் 1 வரை. இங்கே எந்தப் புள்ளியிலும் f வெடிப்பதில்லை. x-ஐ முதலில் தொகுத்தால் (e^(−y) − e^(−2y))/y. இது மிகை, முழு விடை ஏறத்தாழ 0.5227. y-ஐ முதலில் தொகுத்தால் (e^(−2x) − e^(−x))/x. இது குறை, விடை ஏறத்தாழ −0.1705. இரண்டின் வித்தியாசம் 0.6931, அதாவது ln 2. மேலே a = 1, b = 2 என்று போட்டால் வரும் அதே எண்.

இது தற்செயல் இல்லை. x-ஐ N-இல் நிறுத்தினால் இரு வரிசைகளும் ஒத்துப்போகும். ஆனால் x-ஐ முதலில் முடிவிலிக்கு அனுப்பும்போது ∫₀^1 (e^(−Ny) − e^(−2Ny))/y dy என்ற துண்டு கைநழுவுகிறது. Ny = t என்று மாற்றினால் அது 0 முதல் N வரையிலான ஃப்ருலானித் தொகையீடு; N பெருகப் பெருக ln 2-ஐ நெருங்கும். ஒவ்வொரு y-க்கும் அத்துண்டு தனித்தனியே பூச்சியத்துக்குப் போகிறது. மொத்தமோ y = 1/N அருகே குவிந்து, குறையாமல் நிற்கிறது. கோஷியின் ஆதிப்புள்ளி இங்கே முடிவிலிக்குப் போய்விட்டது என்பேன்.

இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது? xy = ln 2 என்ற அதிபரவளையத்துக்குக் கீழே f குறை, மேலே மிகை. ஒரு x-ஐ நிலையாக வைத்தால் குறைப்பகுதியின் பரப்பு மட்டும் 1/(4x). அதை x = 1 முதல் தொகுத்தால் மடக்கைபோல் எல்லையின்றி வளரும். ஆக |f|-இன் தொகையீடு முடிவிலி. இரு முடிவிலிகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்போது, எந்த வரிசையில் கழிக்கிறோம் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

இந்தச் சோதனையை விதியாக்கியவர்கள் இத்தாலியர்கள். லெபேக் தொகையீட்டின் மேல் ஃபூபினி 1907இல் தேற்றம் அமைத்தார். டொனெல்லி 1909இல் மிகைச் சார்புகளுக்கு வழி காட்டினார். |f|-ஐ ஏதேனும் ஒரு வரிசையில் தொகுத்துப் பாருங்கள், விடை முடிவுள்ளதாக இருந்தால் f-க்கு வரிசையை அச்சமின்றி மாற்றலாம்.

ராமானுஜனின் அறிக்கைகள் இத்தகைய நிபந்தனைகளில் தங்குவதில்லை. அவருடைய முதன்மைத் தேற்றம் தொடரையும் தொகையீட்டையும் துணிந்து இடம் மாற்றுகிறது. எந்தச் சார்புகளுக்கு அது செல்லும் என்பதை எச்சத் தேற்றத்தின் வழி வரையறுத்தவர் ஹார்டி. 1940இல் வந்த அவருடைய ராமானுஜன் சொற்பொழிவுகளில் அது இருக்கிறது. அறிக்கைகளை விரிவாக ஆராய்ந்து 1980களில் வெளியிட்டவர் புரூஸ் பெர்ண்ட்.

இதை வைத்து ராமானுஜனின் துணிச்சலைப் பிழை என்று எழுதுவது நியாயமாகாது. ஃபூபினியின் நிபந்தனை போதுமானது, கட்டாயமானதன்று. e^(−xy) sin x என்பதை x, y இரண்டும் 0 முதல் முடிவிலி வரை எடுங்கள். மட்டு மதிப்பின் தொகையீடு விரிகிறது. ஆனாலும் இரு வரிசைகளும் π/2 என்றே சொல்கின்றன.