பல் பிடுங்கிய பின் உப்பு நீர்: எப்போது கொப்பளிக்கலாம்? எப்போது கூடாது?

பல் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான உப்பு நீரால் வாயைக் கொப்பளிப்பது பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. ஆனால், முதல் 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கவே கூடாது என்பதே பல் மருத்துவர்கள் பொதுவாக வழங்கும் அறிவுரை.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து, அடியில் உள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக்கொள்கிறது. புண் ஆறுவது இந்த உறைவிலிருந்துதான் தொடங்குகிறது. முதல் நாளில் அது இளகிய நிலையில் இருப்பதால், வேகமாகக் கொப்பளித்தாலோ துப்பினாலோ பெயர்ந்துவிடக்கூடும். ரத்தம் கசிந்தால் உப்பு நீர் தீர்வல்ல; மருத்துவர் கொடுத்த பஞ்சைச் சுமார் அரை மணி நேரம் விடாமல் கடித்திருக்க வேண்டும்.

உதாரணமாக, திங்கள்கிழமை காலை 11 மணிக்கு ஒருவருக்குக் கடைவாய்ப் பல் அகற்றப்பட்டால், செவ்வாய்க்கிழமை மதிய உணவுக்குப் பின் அவர் தொடங்கலாம். கொதித்து ஆறிய, வெதுவெதுப்பான ஒரு தம்ளர் நீரில் (சுமார் 250 மி.லி.) அரைத் தேக்கரண்டித் தூள் உப்பு போதும். கல் உப்பு என்றால் முழுவதும் கரைந்த பிறகே பயன்படுத்த வேண்டும். உப்பைக் கூட்டினால் விரைவில் குணமாகும் என்பது தவறு. செறிவு மிகுந்தால் புண் எரியும். மஞ்சள் தூளும் தேவையில்லை.

ஒரு வாய் நீரை எடுத்து, தலையை மெதுவாக இருபுறமும் சாய்த்து, அரை நிமிடம் புண்ணின் மீது படவிட வேண்டும். பின்னர் துப்பாமல், வாயைத் திறந்து நீரைத் தானாக வடியவிட வேண்டும். ஒவ்வொரு உணவுக்குப் பிறகும், உறங்கும் முன்பும் என ஒரு வாரம் இதைத் தொடரலாம். விழுங்கக் கூடாது, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

உணவுத் துணுக்குகளை அகற்றி, புண்ணைச் சுத்தமாக வைத்திருக்க உப்பு நீர் உதவுகிறது. ஆனால், ஏற்பட்டுவிட்ட தொற்றை அது குணப்படுத்தாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளுக்கும் மாற்றாகாது.

மேற்கூறிய நபருக்கு இயல்பாக வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். மாறாக, புதன் அல்லது வியாழக்கிழமை வலி கூடி, காது வரை பரவி, வாயில் துர்நாற்றம் வீசினால் உறைவு பெயர்ந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். 'டிரை சாக்கெட்' எனப்படும் இந்நிலையில் மருத்துவரே குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டியிருக்கும். காய்ச்சல், சீழ், மூன்றாம் நாளுக்குப் பிறகும் பெருகும் வீக்கம் ஆகியவை தென்பட்டாலும் மருத்துவரை அணுகத் தாமதிக்கக் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.