குழாய் யார் வீட்டுக்கு வந்தது? சோதனை நடத்தாத இடத்தில் ஒப்பிடும் முறை

கிராமப்புறக் குடிநீர்க் குழாய் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்கிறதா? குழாய் உள்ள வீடுகளையும் இல்லாத வீடுகளையும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் குழாய் எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பதை எவரும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. நிலமும் கல்வியும் செல்வாக்கும் உள்ள தெருக்களுக்கே அது முதலில் போய்ச் சேர்கிறது. அவ்வீட்டுக் குழந்தைகள் குழாய் இல்லாமலும் குறைவாகவே நோயுற்றிருக்கலாம். எனவே நேரடி ஒப்பீடு, குழாயின் பயனையும் வசதியின் பயனையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது.

இந்தக் கலப்பைப் பிரிப்பதற்காகப் பால் ரோசன்பாமும் டொனால்டு ரூபினும் 1983-இல் முன்வைத்த கருத்தே 'ப்ரொபென்சிட்டி ஸ்கோர்'. இதனை நாம் 'வாய்ப்பு மதிப்பெண்' என்று அழைப்போம். ஒரு வீட்டின் நிலவுடைமை, வீட்டின் வகை, தாயின் கல்வி, சாதி, ஊரின் அளவு முதலியவற்றைக் கொண்டு, அவ்வீட்டுக்குக் குழாய் கிடைப்பதற்கான நிகழ்தகவை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரே எண்ணாகக் கணக்கிடுகிறோம். பெரும்பாலும் 'லாஜிஸ்டிக் ரிக்ரெஷன்' என்னும் கணக்கீட்டின் மூலம் இது பெறப்படுகிறது. பின்னர் குழாய் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், ஏறத்தாழ அதே மதிப்பெண் பெற்றும் குழாய் கிடைக்காத வீட்டை இணையாகத் தேடுகிறோம். பத்துப் பண்புகளிலும் ஒத்த இரு வீடுகளைக் கண்டுபிடிப்பது அரிது. ஓர் எண்ணில் ஒத்த இரு வீடுகளைக் கண்டுபிடிப்பது எளிது. இம்முறையின் வசதி இதுவே.

ஒரு சிறு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். மொத்தம் 200 வீடுகள். வீட்டுக்கு ஒரு குழந்தை. நிலமுள்ள வீடுகள் 100. அவற்றில் 80-க்குக் குழாய் உண்டு. நிலமற்ற கூலி வீடுகள் 100. அவற்றில் 20-க்கு மட்டுமே குழாய் உண்டு. ஆக, நிலமுள்ள வீட்டின் வாய்ப்பு மதிப்பெண் 0.8, நிலமற்ற வீட்டின் மதிப்பெண் 0.2.

ஒரு மாதத்தில் நோயுற்ற குழந்தைகளை எண்ணுவோம். நிலமுள்ளோரில் குழாய் உள்ள 80 வீடுகளில் 4 பேர். குழாய் இல்லாத 20 வீடுகளில் 2 பேர். நிலமற்றோரில் குழாய் உள்ள 20 வீடுகளில் 4 பேர். குழாய் இல்லாத 80 வீடுகளில் 16 பேர்.

நேரடியாக ஒப்பிட்டால், குழாய் உள்ள 100 வீடுகளில் 8 பேர், இல்லாத 100 வீடுகளில் 18 பேர். குழாய் நூற்றுக்குப் பத்துப் பேரைக் காத்தது போலத் தெரிகிறது. இப்போது இணை சேர்ப்போம். குழாயுள்ள 80 நிலமுள்ள வீடுகளுக்கு, குழாயற்ற 20 நிலமுள்ள வீடுகளே இணை. ஒவ்வொன்றும் நான்கு முறை பயன்படும். அங்கு நோய் விகிதம் 10 விழுக்காடு என்பதால், குழாய் இல்லையெனில் அந்த 80-இல் 8 பேர் நோயுற்றிருப்பர். நிலமற்ற 20 வீடுகளுக்கு இணையான வீடுகளில் விகிதம் 20 விழுக்காடு. எனவே 4 பேர். இரண்டையும் கூட்டினால் 12. உண்மையில் நோயுற்றோர் 8. ஆகவே குழாயின் பயன் நூற்றுக்கு நான்கு பேர். பத்துப் பேர் அல்ல.

இன்னும் உள்ளே பார்த்தால், அந்த நால்வரும் நிலமுள்ள வீட்டுக் குழந்தைகளே. நிலமற்ற வீடுகளில் குழாய் இருந்தும் இல்லாமலும் விகிதம் ஒன்றே. சராசரி இதை மறைத்துவிட்டது.

உண்மை ஆய்வு காட்டியது

இது வெறும் கற்பனை அன்று. பொருளியலாளர்கள் ஜோத்ஸ்னா ஜலானும் மார்ட்டின் ரவல்லியனும் இதே கேள்வியை இம்முறையால் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். பயன்முறைப் பொருளாதார ஆய்வுக்கான தேசியக் குழு 1993–94-இல் ஏறத்தாழ 33,000 கிராமப்புற வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பே அவர்களின் தரவு. குழாய் இல்லாதிருந்தால், குழாயுள்ள வீடுகளின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு 21 விழுக்காடு கூடுதலாகவும், நோய் நீடிக்கும் காலம் 29 விழுக்காடு கூடுதலாகவும் இருந்திருக்கும் என்று அவர்கள் கண்டனர். ஆனால் வருமானத்தையும் தாயின் கல்வியையும் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, இப்பயன் ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளைப் பெரும்பாலும் எட்டவில்லை. கல்வி குறைந்த தாய்மாரின் குழந்தைகளிடம் இது மேலும் தெளிவாகத் தெரிந்தது. நீர் வந்தால் மட்டும் போதாது. அதைச் சேமிக்கும் பாத்திரம், கழிப்பிடம், கொதிக்க வைக்க எரிபொருள், நோயறிந்து கவனிக்கும் நேரம் ஆகியவையும் சேர்ந்தே நலம் பிறக்கிறது.

எங்கே பிழைக்கும்?

முதற்பிழை, பட்டியலில் இல்லாத பண்பால் வருவது. மதிப்பெண் கணக்கில் சேர்த்தவற்றை மட்டுமே இம்முறை சமன்செய்யும். சாதியைச் சேர்க்காமல் நிலமின்மையை மட்டும் சேர்த்தோம் என்று கொள்வோம். குழாய் பெற்ற நிலமற்ற வீடு ஊர்த் தெருவிலும், அதற்கு இணையாக்கப்பட்ட குழாயற்ற வீடு தலித் குடியிருப்பிலும் இருக்கலாம். அங்கு வடிகால் இல்லை, செவிலியர் வருகை குறைவு என்றால், அவற்றால் வந்த நோயும் 'குழாய் இல்லாததால்' வந்ததாகப் பதிவாகும். குழாயின் பயன் மிகைப்படும். தீண்டாமையின் பங்கு மறையும். 'பட்டியல் சாதி' என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பதும் எப்போதும் போதாது. குடியிருப்பு ஊரிலிருந்து பிரிந்துள்ளதா என்பதும் தரவில் வேண்டும்.

எனினும் எல்லாவற்றையும் அள்ளிப்போடவும் கூடாது. தண்ணீர் சுமக்கத் தாய் செலவிடும் நேரத்தைக் குழாயே மாற்றிவிடும். குழாயின் விளைவாக மாறும் ஒன்றை மதிப்பெண்ணில் சேர்த்தால், அளக்க வந்த பயனின் ஒரு பகுதியை நாமே அழித்துவிடுகிறோம். குழாய் வருவதற்கு முன்பிருந்த பண்புகளே பட்டியலுக்கு உரியவை.

இரண்டாம் பிழை இன்னும் நுட்பமானது. நம் கணக்கில் நிலமற்ற வீடுகள் ஒன்றுக்கும் குழாய் கிடைக்கவில்லை என்று மாற்றிக் கொள்வோம். அவற்றின் மதிப்பெண் 0. ஒப்பிடக் குழாயுள்ள இணை இல்லை. முறைப்படி அந்த 100 வீடுகளும் கழிக்கப்படும். எஞ்சுவது நிலமுள்ளோரின் கணக்கு மட்டுமே: குழாயுடன் 5 விழுக்காடு, குழாயின்றி 10 விழுக்காடு. 'குழாய் நோயைப் பாதியாக்கியது' என்று அறிக்கை எழுதும். எவர் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டனரோ, அவரைப் பற்றி அந்த வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. புறக்கணிப்பு முழுமையாக இருக்குமிடத்தில் அது அட்டவணையிலிருந்தே மறைகிறது.

அறிக்கையில் எதைத் தேடுவது?

இவற்றைக் கண்டறிய மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, சமநிலை அட்டவணை. இணை சேர்த்தபின் இரு குழுக்களின் சராசரிகளுக்கு இடையேயான வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால், ஒவ்வொரு பண்பிலும் அது 0.1-க்குக் கீழே இருப்பது பொதுவான எதிர்பார்ப்பு. சாதி வரி அந்த அட்டவணையில் இல்லையெனில், அதன் சமநிலையைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

இரண்டாவது, கழிக்கப்பட்டோர் எண்ணிக்கை. மொத்தம் எத்தனை வீடுகள் என்பதோடு, எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, உணர்திறன் சோதனை. அளக்கப்படாத ஒரு காரணம், ஒத்த இரு வீடுகளில் ஒன்றுக்குக் குழாய் கிடைக்கும் சாதகத்தை எத்தனை மடங்கு கூட்டினால் முடிவு கவிழும் என்பதை ரோசன்பாமின் எல்லைக் கணக்கு சொல்லும். 1.1 மடங்கிலேயே கவிழ்ந்தால் முடிவு மெலிந்தது. 2 மடங்கிலும் நின்றால் ஓரளவு உறுதியானது. மறைந்திருக்கும் காரணம் உண்டா இல்லையா என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. அதை அந்தத் தெருக்களை அறிந்தவர்களே சொல்ல முடியும்.