ஒரே தீர்ப்பின் இரு பாதிகள்: இராமசாமி முதலியார் குழுவை மறுபடி வாசித்தல்

சேதுசமுத்திரத் திட்டம் பற்றிய எழுத்துகளில் 1955இல் அமைக்கப்பட்ட இராமசாமி முதலியார் குழு பெரும்பாலும் பட்டியலின் முதல் வரியாகவே வந்துபோகிறது. ‘கால்வாய் சாத்தியம் என்றது, ஏறத்தாழ 10 கோடி ரூபாய் செலவாகும் என்றது’ என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவுக்குப் போய்விடுவார்கள். இந்த வாசிப்பு தவறு என்று சொல்வதைவிட, பாதியில் நின்றுவிட்டது என்பது பொருந்தும்.

அந்த அறிக்கை ‘சாத்தியம்’ என்றதோடு முடியவில்லை. கப்பல் எந்த வழியாகப் போகலாம், எந்த வழியாகப் போகக்கூடாது என்பதையும் அது முடித்துச் சொன்னது. இரண்டு கடல்களையும் நிலத்தை வெட்டிய கால்வாயால் இணைக்க வேண்டும். ஆதாம் பாலத்தின் ஊடே கடலுக்குள் வழி வெட்டும் எண்ணத்தைக் கைவிட வேண்டும். காரணம் மணல். அங்குள்ள திட்டுகள் இடம் மாறுபவை. இன்று தோண்டிய ஆழம் நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தையும் கால்வாயையும் ஒரே திட்டத்தின் பகுதிகளாகச் செய்ய வேண்டும் என்றும் குழு கேட்டது.

இந்த நிபந்தனைகளைப் பிற்சேர்க்கையாகக் கருதுவதுதான் பிழையின் வேர். குழு ‘ஆம்’ என்றது நிலவெட்டுக் கால்வாய்க்கு. ஆதாம் பாலத்தின் ஊடான வழிக்கு அதே குழு சொன்ன விடை ‘இல்லை’. ஆகவே, 2005 ஜூலையில் மதுரையில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் ஆதாம் பாலத்தைக் கடக்கும் வழியைக் கொண்டிருந்தபோது, அதற்கு முன்னோடியாக 1955 குழுவைக் காட்டுவது பொருந்தாது. 2007இல் உச்சநீதிமன்றம் அந்தப் பகுதியில் தோண்டத் தடை விதித்தது நம்பிக்கை சார்ந்த வழக்கில். மணலின் நடத்தை பற்றிய கேள்வி அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டிருந்தது.

இங்கே எச்சரிக்கை தேவை. அக்காலக் கடலாழ அளவீடுகளைக் கொண்டு இன்றைய தோண்டும் கருவிகளின் திறனைத் தீர்மானிக்க முடியாது. கப்பல்களின் அளவும் மாறிவிட்டது என்பார்கள். அது கால்வாயின் ஆழத்தை மாற்றும், மணலை நிறுத்தாது.

இரண்டாம் நிபந்தனையைப் பற்றிய எதிர்வாதம் வலுவானது. தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாயிற்று, கால்வாய் வரவேயில்லை. துறைமுகம் தனியாகவே நின்றது. இரண்டையும் பிரிக்கக்கூடாது என்ற குழுவின் கருத்து, துறைமுகத்தைப் பொறுத்தவரை, பலிக்கவில்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதை ஒப்புக்கொள்ள முடிவதே அறிக்கை எழுதப்பட்ட விதத்தால்தான். ‘இரண்டையும் சேர்த்துப் பரிசீலிப்பது நலம்’ என்று குழு எழுதியிருந்தால், 1974 அதை மெய்ப்பித்ததா பொய்ப்பித்ததா என்று கேட்கவே வழியிருந்திராது. நிலவெட்டு என்ற முதல் நிபந்தனையோ இன்றுவரை சோதிக்கப்படவேயில்லை. அந்தக் கால்வாயை எவரும் வெட்டிப் பார்க்கவில்லை.