இன்வெர்ட்டர் பேட்டரி சலுகை: '150 ஏஎச்', '36+24 மாதம்' என்பதன் பொருள் என்ன?

புதுடெல்லி: கோடை வெயில் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் நாடு முழுவதும் இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்டெபிலைசர் ஆகியவற்றுக்கான தள்ளுபடி விற்பனை சூடுபிடிக்கிறது. குளிர்சாதனப் பயன்பாடு உயரும் மாதங்களில் மின் வலையமைப்பின் மீதான சுமை அதிகரிக்கிறது. 2024 மே 30-ஆம் தேதி நாட்டின் உச்ச மின் தேவை சுமார் 250 ஜிகாவாட்டை எட்டிப் புதிய உச்சம் கண்டது. மின்வெட்டும் குறைந்த மின்னழுத்தமும் இத்தகைய நாள்களில்தான் வீடுகளை அதிகம் வாட்டுகின்றன.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இடம்பெறும் எண்கள் மூன்று: பேட்டரியின் ஏஎச், உத்தரவாத மாதங்கள், ஸ்டெபிலைசரின் வோல்ட் வரம்பு. இவற்றைப் படிக்கத் தெரிந்தால், சலுகையின் உண்மையான மதிப்பைக் கடையிலேயே கணக்கிட்டுவிடலாம்.

150 ஏஎச் எத்தனை மணி நேரம் வரும்?

ஏஎச் என்பது ஆம்பியர் மணி. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைப் போல, பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் சேமிக்க முடியும் என்பதை அது குறிக்கிறது. இன்வெர்ட்டரின் மீது எழுதப்பட்டிருக்கும் 'விஏ' அந்தத் தொட்டியிலிருந்து வரும் குழாயின் அகலத்தைப் போன்றது. ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்களை இயக்கலாம் என்பதை விஏ முடிவு செய்கிறது. எவ்வளவு நேரம் இயங்கும் என்பதை ஏஎச் முடிவு செய்கிறது. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினால் நேரம் கூடும் என்று எண்ணுவது தவறு.

12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் சேமிப்பு, இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஒரு வீட்டில் மின்வெட்டின்போது 75 வாட் மின்விசிறிகள் இரண்டு, 10 வாட் எல்இடி விளக்குகள் மூன்று, 60 வாட் தொலைக்காட்சி, 10 வாட் வைஃபை ரூட்டர் ஆகியவை இயங்குவதாகக் கொள்வோம். மொத்தச் சுமை 250 வாட். 1,800-ஐ 250-ஆல் வகுத்தால் 7 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். விற்பனையாளர் பெரும்பாலும் இந்தக் கணக்கையே சொல்வார்.

நடைமுறையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது. எனவே 1,440 வாட் மணிதான் மிஞ்சும். மேலும், லேபிளில் '150 ஏஎச்' என்பதன் அருகே 'சி20' என்று அச்சிடப்பட்டிருந்தால், 20 மணி நேரம் மெதுவாகக் காலி செய்தால் மட்டுமே அந்த முழு அளவு கிடைக்கும் என்று பொருள். வேகமாக எடுத்தால் அளவு குறையும்; முற்றிலும் காலியாக விடுவது பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும். இதற்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், பயன்படுத்தத்தக்கது சுமார் 1,150 வாட் மணி. 250 வாட் சுமைக்கு அது சுமார் நாலரை மணி நேரம் வரும். 'சி10' என்று குறிக்கப்பட்ட 150 ஏஎச் பேட்டரி 10 மணி நேரத்திலேயே அந்த அளவைத் தர வல்லது என்பதால், அதே எண் கொண்ட சி20 பேட்டரியைவிட அது உண்மையில் பெரியது.

அதே வீட்டில் பழைய மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவிலான பிஎல்டிசி மின்விசிறிகள் இருந்தால் மொத்தச் சுமை 160 வாட்டாகக் குறைகிறது. அப்போது அதே பேட்டரி ஏழு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பெரிய பேட்டரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

36+24 மாதம்: இரண்டும் ஒன்றல்ல

'60 மாத உத்தரவாதம்' என்ற விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் '36+24' என்று இருக்கும். முதல் 36 மாதங்களுக்குள் உற்பத்திக் குறையால் பேட்டரி பழுதானால் இலவசமாக வேறொன்று கிடைக்கும். அடுத்த 24 மாதங்களில் இலவசம் இல்லை; புதிய பேட்டரி வாங்கும்போது விலையில் ஒரு பகுதி மட்டுமே தள்ளுபடியாகும். இந்தத் தள்ளுபடி 'புரோ ரேட்டா' எனப்படுகிறது.

இந்தத் தள்ளுபடி பெரும்பாலும் அதிகபட்ச சில்லறை விலையின் மீது கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, 20,000 ரூபாய் என அச்சிடப்பட்ட பேட்டரியைக் கடைகள் வழக்கமாக 15,000 ரூபாய்க்கு விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 42-ஆம் மாதத்தில் அது பழுதாகி, 25 சதவீதத் தள்ளுபடி கிடைத்தால் வாடிக்கையாளர் செலுத்த வேண்டியது 15,000 ரூபாய். உத்தரவாதமே இல்லாதவர் கடையில் கொடுக்கும் விலையும் அதுவே. ஆகவே இரண்டு பேட்டரிகளை ஒப்பிடும்போது மொத்த மாதங்களைவிட முதல் எண்ணையே பார்க்க வேண்டும். '36+24'-ஐவிட '48+0' பலருக்கு அதிகப் பயன் தரும்.

இலவசமாக மாற்றித் தரப்படும் பேட்டரிக்குப் பொதுவாகப் புதிய உத்தரவாதம் தொடங்குவதில்லை. 30-ஆம் மாதத்தில் மாற்றப்பட்டால், இலவச மாற்றுக்கு எஞ்சியிருப்பது 6 மாதங்கள் மட்டுமே.

தண்ணீர் அளவு குறைந்து உள்தகடுகள் காய்ந்துபோனது, குழாய்த் தண்ணீர் ஊற்றியது, வெளிப்பெட்டி உடைந்தது போன்றவை உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. பேட்டரியில் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டுமே ஊற்ற வேண்டும். 'நேரம் குறைந்துவிட்டது' என்று மட்டும் புகார் செய்தால், சேவை மையத்தில் முழுமையாகச் சார்ஜ் செய்து சோதித்துவிட்டு, குறை இல்லை எனத் திருப்பி அனுப்புவதும் உண்டு. வாங்கிய முதல் வாரத்தில், குறிப்பிட்ட சாதனங்களை மட்டும் இயக்கி எத்தனை மணி நேரம் வருகிறது என்று தேதியுடன் எழுதி வைத்திருந்தால் பின்னர் ஒப்பிட்டுக் காட்ட முடியும்.

கடையில் பார்க்க வேண்டியவை

சீசனுக்கு முந்தைய தள்ளுபடியில் பழைய சரக்கும் கைமாறுகிறது. ஈய அமில பேட்டரி பயன்படுத்தாமல் கிடந்தாலும் தானாகவே மெல்லச் சார்ஜ் இழக்கும். அந்த நிலையில் பல மாதங்கள் இருந்தால் தகடுகளில் கெட்டியான படிவு உருவாகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். எனவே பெட்டியில் உள்ள உற்பத்தி மாதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பேட்டரியின் வரிசை எண் ரசீதிலும் உத்தரவாத அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். பழைய பேட்டரியை எடுத்துக்கொள்ளும் சலுகையில், அதற்குக் கழிக்கப்படும் தொகையைத் தள்ளுபடியிலிருந்து தனியாகக் கேட்டறிவது அவசியம். அந்தத் தொகை பழைய பேட்டரியில் உள்ள ஈயத்தின் விலை. கடைக்காரர் தரும் சலுகை அல்ல.

ஸ்டெபிலைசர் யாருக்குத் தேவை?

ஸ்டெபிலைசர் மின்சாரத்தைச் சேமிப்பதில்லை. கூடவோ குறையவோ வரும் மின்னழுத்தத்தைச் சீர்செய்வது மட்டுமே அதன் வேலை. '170–270 வோல்ட்' என்று எழுதியிருந்தால், மின்னழுத்தம் அதற்குக் கீழே இறங்கும்போது அது இணைப்பைத் துண்டித்துவிடும். கோடை இரவில் 150 வோல்ட் மட்டுமே வரும் வீட்டில் அந்த ஸ்டெபிலைசர் வைத்தாலும் ஏசி ஓடாது; '130–300' போன்ற அகன்ற வரம்பு கொண்டதே அங்கு பயன்படும். ஆகவே இரவு பத்து மணியளவில் வீட்டு மின்னழுத்தத்தை எலக்ட்ரீஷியன் மூலம் அளந்தறிந்த பிறகு வாங்குவது நல்லது. ஒன்றரை டன் ஏசிக்குப் பொதுவாக 4 கேவிஏ திறன் போதும்.

பல இன்வெர்ட்டர் வகை ஏசிகள் ஸ்டெபிலைசர் இல்லாமலே இயங்கும் வரம்பு, அவற்றின் கையேட்டிலேயே கொடுக்கப்பட்டுள்ளது. வீட்டு மின்னழுத்தம் அந்த வரம்புக்குள் இருந்தால், தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தனி ஸ்டெபிலைசர் தேவையற்ற செலவே.

உத்தரவாதத்தை மதிக்க விற்பனையாளர் மறுத்தால், ரசீதுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம்.