கடவுச்சொல் கேட்ட போலி ஊழியர்கள்

நிறுவன ஊழியர்போல் செய்தி அனுப்பி வாடிக்கையாளரை ஏமாற்றும் வித்தை எப்படிப் பரவியது, தெரியுமா? 1990-களில் ‘அமெரிக்கா ஆன்லைன்’ நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே இணைய இணைப்பு அளித்து வந்தது. அதில் சேரக் கடன் அட்டை எண் வேண்டும். அவ்வெண்ணின் கடைசி இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து ஒரு விதிப்படி கிடைப்பது. விதி பொருந்தினாலே அப்போது கணக்குத் திறந்துவிடும். வங்கியிடம் உடனே கேட்பதில்லை. விதியை அறிந்த சிலர் இல்லாத அட்டைகளுக்கு எண் தயாரித்து நுழைந்தனர்.

1995-ல் நிறுவனம் இவ்வழியை அடைத்தது. விளைவைப் பாருங்கள்! வழி அடைபட்டவர்கள் பிறர் கணக்கைப் பறிப்பதில் மும்முரமாயினர். ஊழியர்போல் பெயர் சூட்டிக்கொண்டு, “கணக்கைச் சரிபார்க்க வேண்டும்; கடவுச்சொல்லைத் தெரிவியுங்கள்” என்று கேட்டனர். பலர் நம்பிக் கொடுத்தனர்.

பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஆகவே நிறுவனம், ‘எங்கள் ஊழியர் எவரும் கடவுச்சொல்லையோ கட்டண விவரத்தையோ கேட்கமாட்டார்’ என்ற வரியைச் செய்திகளுடன் சேர்த்தது. இனி யார் கேட்டாலும், அந்தக் கேள்வியே அவரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வரியைப் படிக்காதவருக்கு அது உதவாது. எனவே இவ்வாறு கேட்கும் கணக்குகளைக் கண்டுபிடித்து, வாடிக்கையாளர் பதில் தருமுன்பே முடக்கும் முறையும் பின்னர் வந்தது. மீன்பிடித்தலை நினைவூட்டும் ‘ஃபிஷிங்’ என்ற பெயரும் இந்தத் திருட்டிலிருந்தே வழக்கில் வந்ததுதான்.