மடக்கை வகையிடல் வந்த வழி

பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய எல்லோருக்கும் இந்தக் கணக்கு நினைவிருக்கும். தொகுதியில் மூன்று காரணிகள், பகுதியில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கு. பெருக்கல் விதியிலும் வகுத்தல் விதியிலும் இறங்கினால் பக்கம் நிறைந்துவிடும். இருபுறமும் மடக்கை எடுத்தால் நான்கு சிறு பின்னங்களில் முடிந்துவிடும். இந்தக் குறுக்குவழி உருவாக வணிகர்களும் ஒரு போரும் காரணம்.

1614இல் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது வகையிடல் என்ற ஒன்றே பிறக்கவில்லை. நீண்ட பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவதே அவர் நோக்கம். நடுக்கடலில் கப்பலின் இடத்தைக் கணிக்க வேண்டியவர்களுக்கு அது பெரும் உதவி. 1616இல் வெளிவந்த எட்வர்ட் ரைட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிழக்கிந்தியக் கம்பெனிக்கே காணிக்கையாக்கப்பட்டது. 1624இல் ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாகக் கொண்ட அட்டவணையை வெளியிட்டார்; ஆனால் 20,000 முதல் 90,000 வரையிலான எண்கள் அதில் இல்லை. நெதர்லாந்தின் கௌடா நகரப் புத்தக வணிகர் அட்ரியான் விலாக் அந்த நூலையே எடுத்து, பதினான்கு இலக்கங்களைப் பத்தாகக் குறைத்து, விடுபட்ட இடத்தை நிரப்பி 1628இல் விற்பனைக்கு விட்டார். பிற்கால அட்டவணைகள் பல அந்தப் பிரதியிலிருந்தே கிளைத்தன.

அட்டவணை வகையிடலை நோக்கி நகர்ந்தது தற்செயலாக. 1631இல் சாக்சனியப் படை பிராகாவை நெருங்க, சேசு சபைத் துறவி கிரிகோரி தன் கையெழுத்துப் படிகளை விட்டுவிட்டுத் தப்பினார். சக துறவி ஒருவர் காப்பாற்றிய தாள்கள் பத்து ஆண்டு கழித்தே அவரிடம் வந்துசேர்ந்தன. 1647இல் அச்சேறிய அந்த நூல் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டதாகச் சொன்னது; அது தவறு. ஆனால் அதே நூலில் 1/x என்ற அதிபரவளையத்தின் பரப்பைப் பற்றிய பகுதி சரியாக இருந்தது. அவருடைய மாணவர் சராசா 1649இல் அதைப் படித்துவிட்டு, அந்தப் பரப்பு மடக்கையைப் போலவே நடந்துகொள்கிறது என்று கண்டார். அந்தப் பரப்பு வளரும் வேகம் 1/x. அதனால் அந்தப் பரப்பையே மடக்கையாகக் கொண்டு log f ஐ வகையிட்டால் f'/f கிடைக்கும். அதில் மடக்கையே மிஞ்சுவதில்லை, அட்டவணையும் தேவையில்லை.

லைப்னிட்ஸ் 1684இல் வெளியிட்ட வகையிடல் விதிகள் x^x போன்றவற்றைத் தொடவில்லை. அடுக்கிலும் மாறி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? 1697இல் ஜொஹான் பெர்னூலி மடக்கை எடுத்து வகையிட்டு விடை சொன்னார். அவர் அடுக்குக்குச் செய்ததைத்தான் நாம் நீண்ட பெருக்கலுக்குச் செய்கிறோம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

y = x³(x+1)²√(x+3) / (2x−1)⁴

மடக்கை எடுத்தால் அடுக்குகள் முன்னே வந்து பெருக்கும் எண்களாகின்றன. பகுதியில் இருப்பது கழித்தலாகிறது. வகையிட்டால்:

y'/y = 3/x + 2/(x+1) + 1/(2(x+3)) − 8/(2x−1)

கடைசி உறுப்பில் 4 அல்ல, 8. உள்ளே இருக்கும் 2x தரும் 2ஐ விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. x = 1 என்றால் வலப்பக்கம் 3 + 1 + 0.125 − 8 = −3.875. இதையே விடை என்று எழுதுவது அடுத்த பிழை. இது y'/y தான்; y = 8ஆல் பெருக்க வேண்டும். விடை −31. சரிபார்க்க x = 1.001 என்று போடுங்கள்: y சுமார் 7.969 வரும். 0.001 நகர்வுக்கு 0.031 இறக்கம், பொருந்துகிறது.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. y = x(x−1)(x−2)(x−3) என்பதற்கு x = 0இல் y பூஜ்ஜியம்; மடக்கை கிடையாது, 1/x வெடித்துவிடும். ஆனால் வகைக்கெழு இருக்கிறது: மற்ற மூன்று காரணிகளின் பெருக்கம், −6. அங்கே பெருக்கல் விதிக்குத் திரும்ப வேண்டும். காரணிகளுக்கு நடுவே கூட்டல் குறி வந்தாலும் இந்த வழி உதவாது. கூட்டலின் மடக்கை பிரியாது.

1972இல் எச்பி-35 கையடக்கக் கணிப்பான் வந்த பிறகு அட்டவணைப் புத்தகங்கள் மெல்ல மறைந்தன. மடக்கை வகையிடல் நிலைத்தது, அட்டவணையின் எண்கள் அதற்கு என்றுமே தேவைப்பட்டதில்லை என்பதால். இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசலைக் கொண்டு g = 4π²l/T² கணிக்கும் மாணவர் நீளத்தின் சதவீதப் பிழையோடு காலத்தின் சதவீதப் பிழையை இருமடங்காக்கிக் கூட்டுகிறார். அந்த 2 என்பது T²இன் அடுக்கு, மடக்கை எடுத்ததும் முன்னே வந்தது. வகையிட்டால் வரும் கழித்தல் குறியை மட்டும் அங்கே கூட்டலாக மாற்றிக்கொள்கிறார்கள், பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்று நம்ப முடியாததால்.